ஒட்டிய உருவம் தெருவில் சரியாக நிற்க: அடிவானக் கோட்டை வைத்து அளவு பிடிக்கும் வழி

பினாங்கில் பொங்கல் நெருங்கினால் எனக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். லிட்டில் இந்தியாவில் எடுத்த ஒரு தெருப் படம். அதன்மேல் புடவை கட்டிய ஒரு பெண், ஒரு பையன், பொங்கல் பானை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் எடுத்தது. எல்லாரும் ஒரே தெருவில் நிற்பது போலச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பேனர் செய்தேன். நிறம், வெளிச்சம், காலடி நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். பேனர் கட்டிய அன்று ஒரு பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தம்மா ஏன் பள்ளத்துல நிக்கிற மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. பின்னால் நடந்து போகிறவர்களின் தலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. முன்னால் நின்ற பெண்ணின் தலை மட்டும் அந்த மட்டத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. அளவைக் கண்ணால் பார்த்து "இது போதும்" என்று விட்டதால் வந்த தவறு அது. அதன் பிறகு நான் கண்ணை நம்புவதில்லை, கோடு போட்டுத்தான் அளவு பிடிக்கிறேன். அந்த முறையை ஒரு படத்தை வைத்தே முழுதாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விஷயம்

சமதரையில் நின்று, கேமராவைத் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில், முன்னும் பின்னும் சாய்க்காமல் நேராகப் பிடித்து ஒரு படம் எடுக்கிறீர்கள். அந்தப் படத்தில் அடிவானக் கோடு எங்கே விழுகிறதோ, அந்தக் கோட்டைத் தொடும் எல்லாப் பொருள்களும் அதே தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில்தான் தொடும். 5 மீட்டர் தூரத்தில் இருக்கும் விளக்குக் கம்பமானாலும் சரி, 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் விளக்குக் கம்பமானாலும் சரி. அடிவானம் என்பது கேமராவின் கண்மட்டம்தான்.

அதனால் ஒட்டப்போகும் உருவத்தின் காலடி படத்தில் எங்கே இருக்கிறது என்று முடிவு செய்தவுடன், அதன் அளவும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. காலடியிலிருந்து அடிவானம் வரை உள்ள பிக்சல்கள் அந்த இடத்தில் 150 செ.மீ.க்குச் சமம். மீதி எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த விகிதக் கணக்கு:

```
உருவத்தின் உயரம் (px) =
  (காலடி y − அடிவானம் y) × உண்மை உயரம் ÷ கேமரா உயரம்
```

y என்பது படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணும் பிக்சல். ஃபோட்டோஷாப்பில் `Ctrl+R` அழுத்தினால் வரும் அளவுகோலில், வலது கிளிக் செய்து `Pixels` என்று மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் அடிவானத்தைக் கண்டுபிடிப்பது

நான் எடுத்துக்கொண்ட படம் லெபு பாசாரில், பழையவர்கள் கடைத்தெரு என்று சொல்வார்களே, அங்கே காலையில் கைப்பேசியில் எடுத்தது. 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். இரண்டு பக்கமும் இரண்டு மாடிக் கடைவீடுகள் இருப்பதால் அடிவானம் கண்ணுக்குத் தெரியாது. தெருவின் கோடியில் கட்டடம்தான் இருக்கிறது.

ஆனால் கடைவீடு வரிசை இந்த வேலைக்குக் கிடைத்த வரம். தெருவோடு சேர்ந்து ஓடும் கிடைக்கோடுகள் அதில் நிறைய இருக்கும். மாடி ஜன்னல்களின் அடிவிளிம்பு, பெயர்ப்பலகைகளின் கீழ்விளிம்பு, கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடியின் திண்ணை ஓரம். ஒரு புதிய லேயரில் `Line` கருவியால் இந்தக் கோடுகளின்மேல் நீளமாகக் கோடு இழுங்கள். மேலே இருப்பவை தூரம் போகப்போகக் கீழே இறங்கும், கீழே இருப்பவை மேலே ஏறும். எல்லாம் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் வழியாகக் கிடையாக ஒரு கைடு வையுங்கள். அதுதான் அடிவானம். என் படத்தில் அது y = 1500-இல் விழுந்தது.

இரண்டு கோடு போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு கோடுகள் எப்படிப் போட்டாலும் எங்காவது சந்தித்துத்தான் ஆக வேண்டும். நான் இடது வரிசையில் மூன்று, வலது வரிசையில் மூன்று போடுவேன். கட்டட வரிசைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் இடது பக்கத்துப் புள்ளியும் வலது பக்கத்துப் புள்ளியும் தள்ளித் தள்ளி வரும். அது பரவாயில்லை. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் படம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. முதலில் அதை நிமிர்த்துங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாலை ஏற்றமாக இருந்தால் சாலை ஓரக் கோடுகள் அடிவானத்துக்கு மேலே போய்ச் சந்திக்கும், இறக்கமாக இருந்தால் கீழே. ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் ஏறக்குறைய சமதரை என்பதால் சிக்கல் இல்லை. ஆயர் ஈத்தாம் பக்கம் மேட்டில் எடுத்த படமென்றால் சாலையை விட்டுவிட்டு ஜன்னல், கூரை விளிம்பு போன்றவற்றை மட்டும் நம்புங்கள். சாலை சாய்ந்திருந்தாலும் கட்டடத்தை மட்டம் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள். அதோடு, சாய்வான தரையில் மேலே சொன்ன கணக்கும் அப்படியே செல்லாது.

பாடாங் கோத்தா கடலோரத்தில் எடுத்த படமென்றால் எதிரே தெரிவது பட்டர்வொர்த் கரை. மலை முகட்டை அடிவானம் என்று நினைத்துக் கைடு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலை அடிவானத்துக்கு மேலே எழுந்து நிற்பது. தண்ணீர் கரையைத் தொடும் கோட்டைப் பிடியுங்கள். கரையில் நின்று எடுத்த படத்தில், சில கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த நீர்க்கோட்டுக்கும் உண்மையான அடிவானத்துக்கும் ஓரிரு பிக்சல்தான் வித்தியாசம். அதே காட்சியை இருபதாவது மாடியிலிருந்து எடுத்தால் வித்தியாசம் ஐம்பது பிக்சலுக்கு மேல் போய்விடும். அப்போது அது உதவாது.

கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது?

படம் நீங்களே எடுத்ததென்றால் இது தெரிந்திருக்கும். கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 145 முதல் 160 செ.மீ. வரை வரும். வாடிக்கையாளர் அனுப்பிய படமென்றால் படத்துக்குள்ளேயே தேட வேண்டும்.

நம் ஊரில் இதற்கு எனக்குக் கைகொடுப்பது மைவி கார். மலேசியாவில் ஒரு தெருப் படத்தில் பெரோடுவா மைவி இல்லாமல் இருப்பது அபூர்வம். 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் உயரம் 1515 மி.மீ. என் படத்தில் இடது ஓரமாக ஒன்று நின்றது. அதன் கூரையின் மேல்மட்டம் அடிவானக் கைடைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கூரை ஒரு நூல் அளவு மேலே. ஆக, கேமரா சுமார் 150 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன்.

கூரை ஏறக்குறைய கோட்டிலேயே இருந்தது எனக்கு வசதியாகப் போனது. கண்மட்டத்தில் இருக்கும் ஒன்று எத்தனை தூரத்தில் இருந்தாலும் கோட்டில்தான் விழும், அதனால் தூரக் கணக்கு குறுக்கே வராது. கோட்டுக்கு நன்றாக மேலேயோ கீழேயோ இருக்கும் பொருளை வைத்துக் கணக்கிட்டால், அதன் உச்சிக்கு நேர் கீழே தரை எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து அளக்க வேண்டும். காரின் கூரை வண்டியின் நடுவில் இருக்கிறது, நமக்குத் தெரியும் டயரோ நம் பக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்து அளந்தால் பதில் தப்பாக வரும். கதவு நிலை, விளக்குக் கம்பம், நேராக நிற்கும் மனிதர் போன்றவை பாதுகாப்பானவை.

பெண்ணை நிறுத்துவது

பெண்ணின் உயரம் 158 செ.மீ. என்று சொன்னார்கள். காலடியை y = 2400-இல் வைக்க முடிவு செய்தேன். அடிவானம் 1500. இடையில் 900 பிக்சல். அது 150 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.க்கு 6 பிக்சல். 158 செ.மீ.க்கு 948 பிக்சல். தலை உச்சி 1452-இல் வரும். அதாவது கோட்டுக்கு மேலே 48 பிக்சல். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, நெற்றியில் கோடு ஓடும்.

அவரையே தெருவில் பின்னால் தள்ளி, காலடியை 1800-இல் வைத்தால்? இடைவெளி 300 பிக்சல், ஒரு செ.மீ.க்கு 2 பிக்சல், உயரம் 316 பிக்சல். கோடு அப்போதும் அதே நெற்றியில்தான் ஓடுகிறது. அன்று பெரியவர் கண்டுபிடித்தது இதைத்தான். ஒரே உயரமுள்ளவர்கள் எங்கே நின்றாலும் கோடு அவர்களை ஒரே இடத்தில் வெட்ட வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டால் கணக்கே போடாமலும் செய்யலாம். வெட்டி எடுத்த உருவத்தில், காலடியிலிருந்து 95 சதவீத உயரத்தில் (150-ஐ 158-ஆல் வகுத்தால் வருவது) சிவப்பாக ஒரு சின்னக் கோடு வரைந்து அந்த லேயரோடு சேர்த்துவிடுங்கள். எங்கே நகர்த்தினாலும் காலடியைத் தரையில் வைத்து, சிவப்புக் கோடு அடிவானத்தைத் தொடும் வரை பெரிதாக்குங்கள். வேலை முடிந்ததும் சிவப்பை அழித்துவிடலாம். வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் பின்னாடி நிக்கட்டும்" என்று நான்கு தடவை சொல்லும் நாளில் இதன் அருமை தெரியும்.

ஃபோட்டோஷாப்பில் `Ctrl+T` அழுத்தி, மேலே வரும் பட்டையில் குறிப்புப்புள்ளியை இயக்கி, அதை அடிப்பக்க நடுவுக்கு மாற்றுங்கள். பிறகு `H` பெட்டியில் `948 px` என்று தட்டுங்கள். அகலமும் உயரமும் சங்கிலியால் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி நடுவிலேயே இருந்தால் பெரிதாக்கும்போது காலடி தரையை விட்டு நகர்ந்துவிடும், போட்ட கணக்கு வீணாகிவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. `H` காட்டும் உயரம் உருவத்தின் உயரம் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது லேயர் பெட்டியின் உயரம். மாஸ்க் போட்டு மறைத்த பின்னணி அந்த லேயரில் இன்னும் இருந்தால் பெட்டி அதையும் சேர்த்தே அளக்கும். தலைக்கு மேலே அழிக்காமல் விட்ட நாலு பிக்சல் கூடப் பெட்டியை உயர்த்திவிடும். அதனால் மாஸ்க்கை லேயரில் கலந்து, சிதறல்களை அழித்து, உருவத்தைத் தனிக் கோப்பில் `Trim` செய்த பிறகே கொண்டு வாருங்கள். கொண்டையில் வைத்த பூவும் உயரத்தில் சேரும். 158 என்பது உச்சந்தலை வரைதான்.

பையனுக்கு 120 செ.மீ. அம்மாவின் பக்கத்தில், அதே 2400-இல் காலடி. 720 பிக்சல். தலை உச்சி 1680-இல், கோட்டுக்கு 180 பிக்சல் கீழே. குழந்தைகள் முழுதாகக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஆனால் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து எடுத்த படமென்றால் எல்லாருடைய தலையும், குழந்தையின் தலையும், கோட்டுக்கு மேலே வந்துவிடும். ஒரு படத்தில் பழகிய கணக்கை அடுத்த படத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது இதனால்தான்.

அஞ்சடியில் நிற்பவர்

கடைக்காரர் ஒருவரையும் சேர்க்கச் சொன்னார்கள். அவர் தெருவில் இல்லை, கடை முன்னால் அஞ்சடியில் நிற்கிறார். அஞ்சடியின் தரை அந்த இடத்தில் சாலையை விட 25 செ.மீ. உயரம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

விகிதக் கணக்கில் வரும் கேமரா உயரம், உருவம் நிற்கும் தரையிலிருந்து அளந்த உயரம். அஞ்சடித் தரையிலிருந்து பார்த்தால் கேமரா 150 அல்ல, 125 செ.மீ.தான். அவருடைய காலடி 2000-இல், அடிவானம் 1500. இடைவெளி 500 பிக்சல், அது 125 செ.மீ. ஆக ஒரு செ.மீ.க்கு 4 பிக்சல். 170 செ.மீ. ஆளுக்கு 680 பிக்சல். மறந்துபோய் 150-ஐப் போட்டுக் கணக்கிட்டால் 567 பிக்சல் வரும். அந்த இடத்தில் 567 பிக்சல் என்பது 142 செ.மீ. உயரமுள்ள மனிதர். கடைக்காரர் பள்ளிப் பையன் அளவுக்குச் சுருங்கிவிடுவார்; பார்ப்பவர்களுக்குக் கதவு மட்டும் ஏதோ பெரிதாக இருப்பது போலத் தோன்றும்.

மேசைமேல் இருக்கும் பூச்சட்டிக்கும் இதே வழிதான். அந்தரத்தில் தொங்கும் தோரணத்துக்கு, அதற்கு நேர் கீழே தரையில் எந்தப் புள்ளி வருகிறது என்று குறித்து, அங்கே ஒரு செ.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அந்த அளவை அப்படியே மேலே கொண்டுபோகலாம்.

உருவத்துக்கும் ஒரு கண்மட்டம் உண்டு

அளவு சரியாக இருந்தும் ஏதோ ஒட்டாமல் நிற்கும் படங்கள் உண்டு. காரணம், ஒட்டிய உருவத்தை எடுத்த கேமராவுக்கும் ஒரு கண்மட்டம் இருந்திருக்கிறது, இரண்டும் பொருந்தவில்லை.

புடவை கட்டிய பெண்ணின் படத்தில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். உடம்பைச் சுற்றி வரும் விளிம்புகளைப் பாருங்கள். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் விளிம்பு நடுவில் கீழ்நோக்கி வளையும், தொட்டில் மாதிரி. கண்மட்டத்துக்கு மேலே இருப்பது நடுவில் மேல்நோக்கி வளையும், வில் மாதிரி. நேர்க்கோடாகத் தெரியும் இடம்தான் அந்தப் படத்தின் கண்மட்டம். எனக்கு வந்த படத்தில் புடவையின் கீழ்க்கரை தொட்டில் போல நன்றாக வளைந்திருந்தது, ரவிக்கைக் கையின் விளிம்பு மெல்ல வளைந்திருந்தது, கழுத்தணி கிட்டத்தட்ட நேராக இருந்தது. ஆக அந்தக் கேமரா கழுத்தை ஒட்டிய உயரத்தில், 135 செ.மீ. போல இருந்திருக்கிறது. என் தெருப் படத்தில் 150. பதினைந்து செ.மீ. வித்தியாசத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். ஸ்டூடியோவில் முழங்கால் உயரத்திலிருந்து எடுத்த படமாக இருந்திருந்தால் வேறு படம் கேட்டிருப்பேன். அளவை மாற்றலாம், பார்த்த கோணத்தை அளவால் மாற்ற முடியாது.

பொங்கல் பானை விஷயத்தில் அப்படித்தான் ஆனது. செங்கல் அடுப்பின்மேல் வைத்த பானையின் வாய் தரையிலிருந்து 40 செ.மீ. உயரம், வாயின் அகலம் 20 செ.மீ. பெண்ணின் காலடி வரிசையிலேயே வைப்பதால் ஒரு செ.மீ.க்கு 6 பிக்சல், வாய் அகலம் 120 பிக்சல். அந்த இடம் கேமராவிலிருந்து 5 மீட்டர் தூரம். படம் எடுத்தபோது நின்ற இடம் எனக்குத் தெரியும். கண்மட்டத்திலிருந்து வாய் 110 செ.மீ. கீழே. 110-ஐ 500-ஆல் வகுத்தால் 0.22. வட்டமான வாய் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும், அதன் உயரம் அகலத்தில் ஏறக்குறைய இந்த 0.22 மடங்கு. அதாவது 26 பிக்சல்.

எனக்கு அனுப்பியிருந்த பானையைப் பக்கத்தில் நின்று, நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து, பொங்கும் பால் தெரிய எடுத்திருந்தார்கள். அதில் 120 பிக்சல் அகல வாய்க்கு உயரம் 85 பிக்சல். மிக அழகான பானைதான். ஆனால் தெருவில் வைத்தால் நம்மை நோக்கிக் கவிழ்ந்து விழப்போவது போல இருந்தது. வாயை மட்டும் நசுக்கிப் பார்த்தேன். பானையின் வயிறும் கழுத்தும் வேறு கோணத்திலேயே நின்றன.

சாய்த்து எடுத்த படம் என்றால்

இந்தக் கணக்கு கேமரா நேராக நின்ற படத்துக்கே முழுதாகப் பொருந்தும். அடிவானம் வெட்டப்படாத படத்தின் நடுவில் விழுந்து, கடைவீடுகளின் தூண்களும் செங்குத்தாக இருந்தால் கவலையில்லை. கேமராவை மேலே சாய்த்திருந்தால் தூண்கள் மேலே போகப்போக நெருங்கும், கீழே சாய்த்திருந்தால் கீழ்ப்பக்கம் நெருங்கும். ஐந்தாறு டிகிரி சாய்வுக்கு, 5 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளின் அளவில் மிகக் கொஞ்சம்தான் பிசகும், அதை விட்டுவிடலாம். அதற்கு மேலென்றால் `Camera Raw Filter`-இல் `Geometry` பகுதிக்குப் போய்த் தூண்களை முதலில் நிமிர்த்திவிட்டு, அடிவானத்தை மறுபடி கண்டுபிடியுங்கள். நிமிர்த்தினால் கோடு இடம் மாறும், பழைய கைடை வைத்திருக்காதீர்கள். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தின் ஓரங்களில் உருவங்கள் பக்கவாட்டில் விரியும். அங்கே யாரையும் ஒட்டாமல் இருப்பதே நல்லது.

பானைக்கு வருகிறேன். அதை எடுத்த தங்கையைக் கூப்பிட்டு, "பானைய அடுப்போட வாசல்ல வைங்க. அஞ்சு மீட்டர் தள்ளி நின்னு, கைப்பேசிய உங்க நெத்தி உயரத்துல நேரா பிடிங்க. கிட்ட வராம ஜூம் பண்ணி எடுங்க," என்று சொன்னேன். "அண்ணே, அப்படி எடுத்தா பால் தெரியாதே?" என்றார். தெரியாதுதான். 26 பிக்சல் உயரமுள்ள வாயில் பாலின் வெள்ளை ஒரு கீற்றாகத்தான் தெரியும், பக்கவாட்டில் வழிந்தால் அந்த வழிசல் தெரியும். வழியும் நேரத்தில் எடுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் வந்த படத்தில் பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்துக்குப் பக்கத்தில் நுரை இறங்கிக்கொண்டிருந்தது. வாயின் உயரத்தை அகலத்தால் வகுத்துப் பார்த்தேன், 0.23 வந்தது. அடுப்போடு சேர்த்து 2400-இல் வைத்தேன்.